பழகிய போலியைப் பிடிக்கும், புதிய போலியைக் கோட்டை விடும்

ஒருவர் முகத்தை இன்னொருவர் உடலில் பொருத்திய வீடியோக்களைப் பார்த்துப் பயின்ற மென்பொருள் ஒன்றுக்கு ஆராய்ச்சியாளர்கள் தேர்வு வைத்தார்கள். பயிற்சிக்குப் பயன்பட்ட அதே முறையில் செய்த புதிய போலிகளைக் கொடுத்தபோது 100-க்கு 99.38 மதிப்பெண் வாங்கியது. அடுத்து, முகத்தை மாற்றும் வேறொரு முறையில் செய்த போலிகளைக் கொடுத்தார்கள். கிடைத்த மதிப்பெண் 49.13.

இந்த மதிப்பெண்ணின் பொருள் எளிது. மென்பொருளிடம் ஓர் அசலையும் ஒரு போலியையும் சேர்த்துக் கொடுத்தால், போலியின் மீது அதிகச் சந்தேகம் கொள்வது 100 தடவைக்கு எத்தனை தடவை என்பதை அது சொல்கிறது. எதுவுமே தெரியாமல் நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்பவருக்கும் 50 கிடைத்துவிடும். அதாவது, முதல் தேர்வில் ஏறக்குறைய தவறே செய்யாத மென்பொருள், இரண்டாவது தேர்வில் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்பவரின் நிலைக்கு இறங்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட 'ஃபேஸ் எக்ஸ்-ரே' என்ற ஆய்வுக் கட்டுரையின் ஒப்பீட்டு அட்டவணையில் இந்த எண்கள் உள்ளன. தேர்வு எழுதிய மென்பொருள் 'எக்ஸெப்ஷன்' என்னும் நியூரல் நெட்வொர்க். போலி முகங்களைக் கண்டறியும் துறையில் பலரும் அடித்தளமாக வைத்துக்கொள்ளும் வடிவமைப்பு அது.

இத்தனைக்கும் இரண்டு தேர்வுகளுக்கும் வீடியோக்கள் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் 'ஃபேஸ்ஃபோரன்சிக்ஸ் பிளஸ் பிளஸ்' என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். யூடியூபிலிருந்து 1000 அசல் வீடியோக்களை எடுத்து, நான்கு முறைகளில் அவற்றின் போலிகளைத் தயாரித்தார்கள். அவற்றில் இரண்டு, முகத்தையே மாற்றுபவை: 'டீப்ஃபேக்ஸ்', 'ஃபேஸ்ஸ்வாப்'. மற்ற இரண்டும் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பாவனையையும் வாயசைவையும் மட்டும் மாற்றுபவை. அசல்கள் ஒன்றே, படத்தின் தரமும் ஒன்றே. மாறியது போலி செய்யும் முறை மட்டும்தான். அது மாறியதுமே மதிப்பெண் 99-லிருந்து 49-க்குச் சரிந்தது ஏன் என்பதற்கு விடை, அந்த இரண்டு முறைகளும் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

டீப்ஃபேக்ஸ் முறையில் ஒரு நியூரல் நெட்வொர்க் இரண்டு பேரின் முகப் படங்களையும் ஏராளமாகப் பார்த்துப் பழகுகிறது. அதன் முற்பகுதி, யாருடைய முகமானாலும் அதிலிருந்து முகம் திரும்பிய கோணம், வாய் திறந்த அளவு, விழுகிற வெளிச்சம் போன்றவற்றைச் சுருக்கி எடுத்துக்கொள்ளும். பிற்பகுதி ஆளுக்கு ஒன்று. அந்தச் சுருக்கத்தை வைத்து அவரவர் முகத்தை வரைவது அதன் வேலை. முதலாமவரின் முகத்தை முற்பகுதியில் கொடுத்து, இரண்டாமவருக்கான பிற்பகுதியில் வரையச் சொன்னால், முதலாமவரின் பாவனையோடு இரண்டாமவரின் முகம் கிடைக்கிறது. இந்த முகத்தின் ஒவ்வொரு பிக்சலும் நெட்வொர்க் புதிதாக வரைந்தது. தொடக்க காலக் கருவிகள் இதைச் சிறிய சதுரப் படமாகவே வரைந்தன. அந்தச் சதுரத்தை இழுத்துத் திருப்பி வீடியோவில் பொருத்தும்போது, கழுத்தும் முடியும் துல்லியமாக இருக்க, முகம் மட்டும் கொஞ்சம் மங்கிவிடும். தோலின் நுண்துளைகள் மழுங்கிவிடும்.

ஃபேஸ்ஸ்வாப் முறையில் வரைதலே கிடையாது. கண், மூக்கு, வாய், தாடை ஆகியவற்றின் புள்ளிகளைக் கணினி கண்டுபிடித்து, அவற்றின் மேல் முப்பரிமாண முக மாதிரி ஒன்றைப் பொருத்துகிறது. ஒருவரின் அசல் புகைப்படத்திலிருந்து தோலை அந்த மாதிரியின் மேல் போர்த்தி, இன்னொருவரின் முகத்தின் மீது பதித்து, ஓரத்தையும் நிறத்தையும் சரிசெய்கிறது. பழைய கணினி வரைகலை வேலைதான் இது. இங்கே தோலின் நுண்துளைகள் கேமரா பிடித்த உண்மையான துளைகள். குறை வேறு இடங்களில் இருக்கும். முக மாதிரி சரியாகப் பொருந்தாத தாடை விளிம்பிலும், வெளிச்சம் ஒத்துவராத கன்னத்திலும் அது தெரியும். அடுத்தடுத்த பிரேம்களில் முகம் லேசாகத் துள்ளுவதும் உண்டு.

பயிற்சியின்போது எக்ஸெப்ஷனுக்கு யாரும் 'பொய்' என்றால் என்ன என்று விளக்கவில்லை. படங்களைக் காட்டி, இவை அசல், இவை போலி என்று மட்டும் சொன்னார்கள். இரண்டையும் பிரிக்க எது மிக எளிதான அடையாளமோ அதைப் பிடித்துக்கொள்வது இத்தகைய நெட்வொர்க்குகளின் இயல்பு. டீப்ஃபேக்ஸ் படங்களில் எளிதாகக் கிடைக்கும் அடையாளம், நெட்வொர்க் வரைந்த பிக்சல்களின் தடம். அது ஒன்றே 99 மதிப்பெண்ணுக்குப் போதும் என்னும்போது தாடை விளிம்பையோ வெளிச்சத்தையோ கவனிக்க வேண்டிய தேவையே அதற்கு எழவில்லை. பிறகு ஃபேஸ்ஸ்வாப் முகம் வந்தபோது அது தேடிய தடம் அங்கே இல்லை. தோல் அசலாக இருந்தது. எனவே பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லாமல் போனது.

அட்டவணையின் மற்ற எண்களும் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகின்றன. டீப்ஃபேக்ஸில் பயின்ற அதே மென்பொருள், 'நியூரல் டெக்ஸ்சர்ஸ்' என்ற வாயசைவு மாற்றும் முறையின் போலிகளில் 80.39 வாங்கியது. நியூரல் டெக்ஸ்சர்ஸில் பயின்றது டீப்ஃபேக்ஸில் 93.09 வாங்கியது. ஒன்று முழு முகத்தையும் மாற்றுகிறது, மற்றது வாயைச் சுற்றி மட்டும் மாற்றுகிறது. ஆனாலும் இரண்டிலும் பிக்சலை வரைவது நியூரல் நெட்வொர்க். ஆகவே ஒன்றின் தடம் மற்றதற்கும் உதவுகிறது. நியூரல் டெக்ஸ்சர்ஸில் பயின்றதை ஃபேஸ்ஸ்வாப் முன் நிறுத்தினால் மறுபடியும் சரிவு: 47.98. நம் கண்ணுக்கு டீப்ஃபேக்ஸும் ஃபேஸ்ஸ்வாப்பும் ஒரே மோசடி. மென்பொருளுக்கோ அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பொருள்கள்.

அப்படியானால் எல்லா முறைகளையும் சேர்த்துப் பயிற்றுவித்துவிடலாமே என்று தோன்றும். செய்து பார்த்தார்கள். நான்கு முறைகளிலும் சேர்த்துப் பயின்ற எக்ஸெப்ஷன், அந்த நான்கிலும் நன்றாகவே தேறியது. ஆனால் அது நான்கு தடங்களை மனப்பாடம் செய்த தேர்ச்சி. ஐந்தாவது முறை வரும்போது பழைய கதையே திரும்புகிறது. இதைப் பெரிய அளவில் காட்டியது ஃபேஸ்புக் நிறுவனம் நடத்திய போட்டி. பல முறைகளில் செய்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடியோக்கள், பத்து லட்சம் டாலர் பரிசு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போட்டியாளர்கள். 2020 ஜூனில் முடிவு வந்தது. போட்டியாளர்கள் அவ்வப்போது சோதித்துப் பார்க்க முடிந்த தொகுப்பில் முதலிடம் பெற்ற மென்பொருளின் துல்லியம் 82.56 சதவீதம். யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்திருந்த தொகுப்பில், இணையத்திலிருந்து எடுத்த வீடியோக்களும் கலந்திருந்தன. அங்கே முதலிடம் பிடித்ததன் துல்லியம் 65.18 சதவீதம்.

போலி செய்பவர்கள் சும்மா இருப்பதும் இல்லை. டீப்ஃபேக் முகங்கள் சரியாகக் கண் சிமிட்டுவதில்லை என்று 2018-இல் அமெரிக்காவின் ஆல்பனி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். பயிற்சிக்கு எடுத்த புகைப்படங்களில் கண் மூடியவை அரிது என்பதே அதற்குக் காரணம். கண் மூடிய படங்களையும் சேர்த்துப் பயிற்றுவித்ததும் அந்தக் குறை மறைந்தது. 2020-இல் வெளியான 'செலெப்-டிஎஃப்' தொகுப்பில் முகங்களைப் பெரிதாக வரைந்து, நிறத்தையும் சரிசெய்திருந்தார்கள். மங்கலான தோலைத் தேடப் பழகிய பல மென்பொருள்கள் அதில் தடுமாறின.

இதற்கெல்லாம் மாற்றாக, எந்த முறையானாலும் தவிர்க்க முடியாத ஒரு செயலைத் தேடலாம் என்ற யோசனை பிறந்தது. முகத்தை மாற்றும் எவரும் கடைசியில் அதை வேறொரு படத்தில் ஒட்டியாக வேண்டும். ஒவ்வொரு கேமராவும் படத்தில் தனக்கே உரிய நுண்ணிய இரைச்சலை விட்டுச்செல்கிறது. இரண்டு படங்கள் கலக்கும் எல்லையில் அது மாறுகிறது. ஃபேஸ் எக்ஸ்-ரே தேடியது அந்த எல்லையைத்தான். 2022-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இரு ஆய்வாளர்கள் இன்னும் துணிச்சலாக, போலி வீடியோவே இல்லாமல் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே அசல் முகத்தின் இரண்டு நகல்களில் ஒன்றின் நிறத்தையும் அளவையும் சற்றே மாற்றி, மற்றதன் மேல் ஒட்டினார்கள். ஒட்டிய சுவட்டைத் தவிர அந்தப் படத்தில் பிடித்துக்கொள்ள வேறு தடமே இல்லை. இப்படிப் பயின்ற மென்பொருள், கண்ணிலேயே பட்டிராத செலெப்-டிஎஃப் போலிகளில் 93.18 மதிப்பெண் வாங்கியது. ஃபேஸ்புக் தொகுப்பில் அதே மென்பொருள் 72.42-இல் நின்றது.

அந்த வழிக்கும் எல்லை உண்டு. ஒட்டிய சுவடு மிக மெல்லியது. வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கோப்பைச் சுருக்குவதற்காக முதலில் தியாகம் செய்யப்படுவது இத்தகைய நுண்விவரங்கள்தான். முழுப் படத்தையும், பின்னணி உட்பட, கணினியே உருவாக்கியிருந்தால் ஒட்டிய எல்லை என்று ஒன்று இருக்கவே போவதில்லை.

ஆகவே, '99 சதவீதம் துல்லியம்' என்று ஒரு மென்பொருள் விளம்பரப்படுத்தப்படும்போது கேட்க வேண்டிய கேள்வி, அந்த எண் எந்தப் போலிகளின் மேல் கிடைத்தது என்பது. பயிற்சியில் ஒரு முறையை முழுவதுமாக மறைத்து வைத்து, தேர்வில் அதை மட்டும் கொடுத்துப் பெற்ற மதிப்பெண் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. சுருக்கிய வீடியோக்களில் என்ன கிடைத்தது என்பதும் தெரிய வேண்டும். மென்பொருள் 'அசல்' என்று சொல்லும்போது உண்மையில் அது சொல்வது, 'நான் பழகிய தடம் எதுவும் இதில் தெரியவில்லை' என்பது மட்டுமே. அதை நற்சான்றிதழாக ஒரு செய்தி அறையோ காவல் நிலையமோ எடுத்துக்கொண்டால், புதிய முறையில் செய்த போலிக்கு மென்பொருளே உண்மை முத்திரை குத்தியதாகிவிடும்.

செய்தி சரிபார்ப்பவர்களிடம் முறை மாறினாலும் பயன்படும் ஒரு வழி இருக்கிறது. முகத்தை மட்டும் மாற்றிய வீடியோவில் உடலும் உடையும் அறையும் ஏற்கெனவே எடுக்கப்பட்ட ஏதோ ஒரு வீடியோவுக்குச் சொந்தமானவை. 2023 நவம்பரில் நடிகை ரஷ்மிகா மந்தனா லிஃப்டுக்குள் நுழைவது போன்ற வீடியோ பரவியபோது, பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் முந்தைய மாதம் இன்ஸ்டாகிராமில் வெளியிட்டிருந்த அசலைச் செய்தி சரிபார்ப்பாளர் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பரவிய வீடியோவிலேயே முதல் கணத்தில் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்து, பிறகுதான் நடிகையின் முகமாக மாறுகிறது. எந்தக் கருவியால் செய்தார்கள் என்று தெரியாமலேயே போலி நிரூபணமாயிற்று. இந்த வழிக்கு நேரமும் ஆளும் தேவை. அசல் வீடியோ எங்காவது பொதுவெளியில் இருந்தாக வேண்டும். முகம் மாற்றுவதற்கென்றே தனியாக ஒரு நடிகரை வைத்து எடுத்த வீடியோவாக இருந்தால் தேடினாலும் கிடைக்காது. அங்கே வீடியோவை முதலில் வெளியிட்டவர் யார், அதில் இருப்பதாகச் சொல்லப்படுபவர் அந்த நாளில் எங்கே இருந்தார் என்று விசாரிப்பதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.