ட்ரைபாடில் வைத்தும் படம் ஏன் கலங்குகிறது?

இருட்டத் தொடங்கிய நேரம். ஆற்றங்கரையில் ட்ரைபாடை ஊன்றி, கை படாமல் இருக்க டைமர் போட்டு, 10 விநாடி எக்ஸ்போஷரில் எதிர்க்கரையைப் படம் எடுக்கிறீர்கள். பெரிதாக்கிப் பார்த்தால் விளக்குகள் புள்ளியாக இல்லை. ஒவ்வொன்றும் ஒரே திசையில் சிறு கோடாக இழுபட்டிருக்கிறது. உடனே ட்ரைபாட்மீதுதான் சந்தேகம் வரும். ஆனால் பல நேரங்களில் இதற்குக் காரணம், கை நடுக்கத்தைச் சரிசெய்வதற்காகவே வைத்த ஸ்டெபிலைசேஷன்தான்.

கேமராவிலோ லென்ஸிலோ இருக்கும் கைரோ சென்சார்கள், அது எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று இடைவிடாமல் அளக்கின்றன. லென்ஸில் இந்த வசதி இருந்தால், உள்ளே ஒரு கண்ணாடித் தொகுதி எதிர்ப்பக்கம் நகர்ந்து பிம்பத்தை அதே இடத்தில் நிறுத்துகிறது. எஸ்எல்ஆர் கேமராக்களுக்கான மாற்று லென்ஸ்களில் கேனான் 1995-இல் கொண்டுவந்த 75-300 மி.மீ. லென்ஸ்தான் இதில் முன்னோடி. கேமரா உடலிலேயே இருந்தால், காந்த விசையில் மிதக்கும் சென்சாரே நகர்ந்துகொடுக்கிறது.

கையில் பிடித்து எடுக்கும்போது இதன் பலன் பெரியது. 50 மி.மீ. லென்ஸில் நடுக்கமில்லாமல் எடுக்க 1/60 விநாடியாவது வேண்டும் என்பது பழைய கணக்கு. நான்கு ஸ்டாப் உதவி கிடைத்தால் 1/30, 1/15, 1/8 என்று இறங்கி 1/4 விநாடி வரை போகலாம். மண்டபத்தின் அரையிருளில் தூண் சிற்பம் ஐஎஸ்ஓவை ஏற்றாமலே தெளிவாக விழும். ஆனால் தூணைக் கடந்து நடப்பவர் புகைபோலத்தான் தெரிவார். கேமராவின் அசைவை மட்டுமே இது அறியும், எதிரே இருப்பவரின் அசைவு இதற்குத் தெரியாது. ஓடும் குழந்தையை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் வேகத்தைத்தான் கூட்ட வேண்டும். இன்னொன்று: பட்டனைப் பாதி அழுத்தி, வியூஃபைண்டரில் காட்சி அடங்கும்வரை கணநேரம் பொறுத்துவிட்டு முழுதும் அழுத்துங்கள். சட்டென்று அழுத்தினால் அடங்குவதற்கு முன்பே படம் விழுந்துவிடும்.

இனி ட்ரைபாடுக்கு வருவோம். கேமரா அசையவே இல்லை என்றாலும் கைரோவின் அளவு துல்லியமாகப் பூஜ்யமாக இருக்காது. காலித் தட்டிலேயே ஒன்றிரண்டு கிராம் காட்டும் மின்தராசுபோல, மிகச் சிறிய பிழை ஒன்று எப்போதும் இருக்கும். கையில் எடுக்கும் 1/4 விநாடிக்குள் அந்தப் பிழை சேர நேரமில்லை. 10 விநாடி என்றால் அது சேர்ந்துகொண்டே போகிறது. இல்லாத சாய்வைச் சரிசெய்ய சென்சார் மெல்ல ஒரு பக்கமாக நகர்கிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 6 மைக்ரான். சென்சார் 30 மைக்ரான் நகர்ந்தாலே, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்குதான், விளக்கு ஐந்து பிக்சல் நீளக் கோடாகிவிடும்.

குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பது எளிது. காற்றில்லாத இடத்தில், அதே ஃபிரேமை ஸ்டெபிலைசேஷன் போட்டுச் சில படங்களும் அணைத்துச் சில படங்களும் எடுங்கள். கேமராத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, ஒரு விளக்கை மட்டும் ஒப்பிடுங்கள். அணைத்து எடுத்த படங்களில் மட்டும் கோடு மறைந்தால் விஷயம் முடிந்தது. இரண்டிலும் கோடு இருந்தால் ட்ரைபாட் தலையின் திருகையும் கால் பூட்டுகளையும் பாருங்கள்.

அணைக்கும்போது கவனம் தேவை. சில கேமராக்களில் லென்ஸ் பக்கவாட்டில் உள்ள சுவிட்சே லென்ஸையும் உடலையும் சேர்த்து நிறுத்தும். சுவிட்ச் இல்லாத லென்ஸ் என்றால் மெனுவுக்குள் போக வேண்டும். கேமரா ட்ரைபாடில் இருப்பதைத் தானே உணர்ந்துகொள்ளும் லென்ஸ்களும் கேமராக்களும் உண்டு. ஆனாலும் விநாடிக்கணக்கில் நீளும் எக்ஸ்போஷரில் அதை நம்பி விடாமல், நான் கையால் அணைத்துவிடுவதையே விரும்புவேன்.

கால்கள் மூன்றாக இருப்பதாலேயே அணைத்துவிட வேண்டும் என்பதில்லை. பறவைப் படத்துக்கு 500 மி.மீ. லென்ஸைப் பூட்டாத கிம்பல் தலையில் வைத்து, கையால் திருப்பித் திருப்பிப் பின்தொடர்பவருக்கு நடுக்கம் கையிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். அவர் அதைப் போட்டே வைக்கலாம். லென்ஸில் பக்கவாட்டு நகர்வைத் தடுக்காத பேனிங் நிலை இருந்தால், பறக்கும் பறவைக்கு அதுவே பொருத்தம். மோனோபாடிலும் போட்டே வைக்கலாம், அது கேமராவின் எடையைத் தாங்குமே தவிர ஆட்டத்தை நிறுத்தாது. அதே 500 மி.மீ. லென்ஸைத் தலையில் இறுக்கிப் பூட்டி, ரிமோட்டில் நிலவை எடுக்கும்போதுதான் சுவிட்சை அணைக்க வேண்டும்.