கொம்புகள் பல இருந்தால் வேகம் கூடுமா?

மாணவர்களே, புதிதாக வைஃபை ரூட்டர் வாங்கியவர் வீட்டில் அதன் அட்டைப்பெட்டியைப் படித்துப் பாருங்கள். 'பீம்ஃபார்மிங்', 'மல்ட்டி-யூசர் மிமோ' என்ற இரு சொற்கள் பெரும்பாலும் காணப்படும். முன்னதைக் கற்றையாக்கம் என்றும், பின்னதைப் பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் முறை என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. அது உங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் அலைகளின் குறுக்கீட்டு விளைவுதான்.

ரூட்டர் அனுப்பும் ரேடியோ அலையின் அதிர்வெண் 5 கிகாஹெர்ட்ஸ் எனக் கொள்வோம். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் 6 செ.மீ. என வரும். ரூட்டரின் இரண்டு ஆண்டெனாக்களும் ஒரே அலையை அனுப்புகின்றன. ஓர் இடத்தில் முகடும் முகடும் சேர்ந்தால் அலை வலுக்கும். முகடும் அகடும் சேர்ந்தால் அழியும். ஓர் ஆண்டெனாவின் அலையைச் சற்றே தாமதப்படுத்தினால், அலை வலுக்கும் இடம் நகர்ந்துவிடும். அந்த இடம் உங்கள் கைப்பேசி இருக்கும் இடமாக அமையும்படி தாமதத்தைத் தேர்ந்தெடுப்பதே கற்றையாக்கம்.

இதனால் எவ்வளவு ஆதாயம்? மொத்தத் திறனை மாற்றாமல், இரண்டு ஆண்டெனாக்களுக்கும் பாதி பாதியாகப் பங்கிடுவோம். ஒவ்வோர் அலையின் வீச்சும் 1 என்பதிலிருந்து 0.7 ஆகக் குறையும். இரண்டும் சேரும் இடத்தில் வீச்சு 1.4, அதன் வர்க்கம் ஏறக்குறைய 2. ஆகவே அங்கே செறிவு இருமடங்கு. ஆற்றல் புதிதாக உண்டாகிவிடவில்லை. வேறு இடங்களில் அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது. நான்கு ஆண்டெனாக்கள் இருந்தால் செறிவு நான்கு மடங்காகும்.

கைப்பேசி எங்கே இருக்கிறது என்று ரூட்டருக்கு எப்படித் தெரியும்? உண்மையில் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. அறையில் அலைகள் சுவரிலும் தரையிலும் பட்டுப் பல வழிகளில் வருவதால், திசையை மட்டும் அறிந்து பயனும் இல்லை. ரூட்டர் முதலில் ஒரு சோதனை அலையை அனுப்புகிறது. ஒவ்வோர் ஆண்டெனாவின் அலையும் தன்னிடம் எந்த வீச்சுடன், எந்தக் கட்டத்தில் வந்தது என்று கைப்பேசி அளந்து பதில் அனுப்புகிறது. அதைக்கொண்டு ரூட்டர் தாமதங்களைக் கணக்கிடும். கைப்பேசி 3 செ.மீ. நகர்ந்தாலே அது அரை அலைநீளம் அல்லவா? பழைய கணக்கு பிசகிவிடக்கூடும். எனவே இந்த அளவெடுப்பை அடிக்கடி செய்யவேண்டும்.

இப்போது அடுத்த படிக்குப் போவோம். கைப்பேசிக்குரிய செய்தி கைப்பேசியிடம் வலுத்தால் மட்டும் போதாது. தொலைக்காட்சியிடம் அது அழியவும் வேண்டும். தொலைக்காட்சிக்குரிய செய்தி அதற்கு நேர்மாறாக அமையவேண்டும். இரண்டும் நிறைவேறினால் இரு செய்திகளையும் ஒரே நொடியில் ஒரே அதிர்வெண்ணில் அனுப்பலாம். இதுவே மல்ட்டி-யூசர் மிமோ. வலுப்பதில் சிறு பிழை நேர்ந்தால் நட்டம் அதிகமில்லை. அழிவதில் பிழை நேர்ந்தால் ஒருவர் செய்தி மற்றவர் செய்தியோடு கலந்துவிடும். ஆகவே கையில் பிடித்தபடி நடப்பவரின் கைப்பேசிக்கு இம்முறை அவ்வளவாக ஒத்துவராது.

சிறிய வீட்டில் இவை தேவையா? இரண்டு அறை வீடு ஒன்றில் 100 மெகாபிட் இணைப்பு இருக்கிறது. மூன்று பேர் தனித்தனியே படம் பார்க்கிறார்கள். நல்ல தெளிவுள்ள படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வீதம் மொத்தம் 15 மெகாபிட் வேண்டும். இரண்டு ஆண்டெனா உள்ள கைப்பேசிக்கும் ரூட்டருக்கும் இடையே ஏட்டளவில் 866 மெகாபிட் வரை போகலாம். நடைமுறையில் 400 என்றே வைத்துக்கொள்வோம். 15-ஐ 400-ஆல் வகுத்தால் ஒரு நொடியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டு நேரமே ரூட்டர் பேசுகிறது. மீதி நேரம் வானலை காலியாகக் கிடக்கிறது. மல்ட்டி-யூசர் மிமோ வரிசையில் காத்திருப்போருக்கு உதவுவது. இங்கே வரிசையே இல்லை! நாற்பது பேர் அமர்ந்து படிக்கும் விடுதிக் கூடமானால் கதை வேறு.

கற்றையாக்கத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. ரூட்டருக்கு அருகில் அலை ஏற்கெனவே போதிய வலுவுடன் இருப்பதால் அதனால் பயனில்லை. மிகத் தொலைவிலோ சோதனை அலையே இரைச்சலில் மங்கிவிடுவதால் அளவெடுப்புச் சரியாக அமையாது. இடைப்பட்ட தொலைவில், ஒரு சுவர் தாண்டிய அறையில், அது ஓரளவு கைகொடுக்கும்.

உங்கள் வீட்டில் எந்த நிலை என்பதை நீங்களே சோதிக்கலாம். ரூட்டரின் அருகே நின்று கைப்பேசியில் இணைய வேகத்தை அளங்கள். பிறகு கடைசி அறையில் அளங்கள். இரண்டு இடத்திலும் 95 மெகாபிட் வந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்துவது தெருவிலிருந்து வரும் இணைப்பே. எத்தனை கொம்பு வைத்தாலும் மாறாது. அருகில் 95, கடைசி அறையில் 20 என்றால் தடை சுவரில் இருக்கிறது. அப்போது புது ரூட்டர் வாங்குமுன், இருப்பதை இரும்பு பீரோவின் பின்னாலிருந்து எடுத்து, கூடத்தின் நடுவில் சற்று உயரமாக வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.