கனசதுரத்தில் கத்தி விடும் கோடு

பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரம் மேசைமேல் இருக்கிறது. மரக்கட்டையோ சோப்போ, எதுவானாலும் சரி. அடிமுகத்தின் நான்கு முனைகளுக்கு, முன்பக்க இடது மூலையில் தொடங்கிச் சுற்றிவர, க, ச, ட, த என்று பெயர் வைப்போம். அப்படியானால் ட என்பது பின்பக்க வலது மூலை. அதற்கு நேர் மேலே, மேல்முகத்தில் இருக்கும் முனை ப. இப்போது க-ச விளிம்பின் நடுப்புள்ளி, க-த விளிம்பின் நடுப்புள்ளி, ப முனை ஆகிய மூன்றின் வழியாகவும் போகும்படி ஒரே வீச்சில் வெட்டுகிறோம். வெட்டிய இடத்தில் என்ன வடிவம் தெரியும்?

கேட்டவுடன் பலரும் முக்கோணம் என்பார்கள். மூன்று புள்ளி கொடுத்தால் மூன்றையும் கோடு போட்டு இணைத்துவிடத்தான் கை துடிக்கும். தாளில் பார்த்தால் அந்த முக்கோணம் நம்பும்படியாகவும் இருக்கும். ஆனால் முன்பக்க நடுப்புள்ளியிலிருந்து ப வரை போட்ட கோட்டை விரலால் கட்டையின் மேல் தடவிப் பார்க்க முடியுமா? முடியாது. அது கட்டையின் உள்ளே புகுந்து போகிறது. கத்தி வெளியே விடும் தடம் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு முகத்தின் மேல் படிந்திருக்க வேண்டும். ஆகவே, ஒரே முகத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளை மட்டுமே இணைக்கலாம். கனசதுர வெட்டுகளை வரைவதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியை மறப்பதால் வருபவை.

நம் கணக்கில் அப்படி இணைக்கக் கிடைப்பது ஒரே ஒரு ஜோடிதான். இரண்டு நடுப்புள்ளிகளும் அடிமுகத்தில் இருக்கின்றன. அவற்றை இணைத்துவிடலாம். ப முனையோ தனியாக மேலே நிற்கிறது. அடுத்த கோட்டுக்கு எங்கே போவது?

இங்கேதான் கட்டையை விட்டு வெளியே வர வேண்டும். கனசதுரம் முடிந்த இடத்தில் அதன் முகங்கள் முடிந்தாலும், அந்த முகங்கள் கிடக்கும் தளங்கள் முடிவதில்லை. அடிமுகத்தில் போட்ட கோட்டை வலப்பக்கம் நீட்டுங்கள். ட-ச விளிம்பையும் ச முனையைத் தாண்டி முன்னால் நீட்டுங்கள். இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கும். அது ச முனைக்கு முன்னால் சரியாக 5 செ.மீ. தள்ளி, மேசைமேல் இருக்கும். அந்தப் புள்ளி வெட்டும் தளத்திலும் இருக்கிறது, வலப்பக்க முகத்தின் தளத்திலும் இருக்கிறது. ப முனையும் அதே வலப்பக்க முகத்தில்தான் இருக்கிறது. எனவே இரண்டையும் தாராளமாக இணைக்கலாம். அந்தக் கோடு ச முனையிலிருந்து செங்குத்தாக எழும் விளிம்பைக் கடக்கும் இடம்தான் நமக்கு வேண்டிய புதிய புள்ளி. உயரம் எவ்வளவு? கிடைத்தளத்தில் மொத்தம் 15 செ.மீ. போவதற்குள் கோடு 10 செ.மீ. ஏறுகிறது. ஆகவே 5 செ.மீ. கடந்ததும் 3.3 செ.மீ. ஏறியிருக்கும், அதாவது விளிம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு.

இடப்பக்கமும் இதே கதைதான். அடிக்கோட்டை இடப்பக்கம் நீட்டி, ட-த விளிம்பை த முனைக்கு அப்பால் நீட்டினால், பின்முகத்தின் தளத்தில் ஒரு புள்ளி கிடைக்கும். அதை ப முனையோடு இணைத்தால், த முனையின் மேல் எழும் விளிம்பிலும் அதே 3.3 செ.மீ. உயரத்தில் வெட்டு விழும். இனி புள்ளிகள் எல்லாம் முகங்களில் ஜோடி சேர்ந்துவிட்டன. முன்முகத்திலும் இடமுகத்திலும் ஒவ்வொரு கோடு போட்டால் வடிவம் மூடிக்கொள்ளும். எண்ணிப் பாருங்கள்: ஐந்து பக்கம். கிடைத்தது ஐங்கோணம். மேல்முகத்தை வெட்டு ப முனையில் தொட்டதோடு சரி, அங்கே கோடு விழவில்லை.

வரைந்தது சரியா என்று பார்க்க அளவுகோல்கூட வேண்டாம். கனசதுரத்தின் எதிரெதிர் முகங்கள் இணையானவை. ஒரே தளம் இரண்டு இணையான முகங்களை வெட்டினால், விழும் கோடுகளும் இணையாகத்தான் இருக்கும். சாய்த்து வரைந்த படத்திலும் இந்த இணைத்தன்மை கெடாது. நம் படத்தில் முன்முகத்துக் கோடும் பின்முகத்துக் கோடும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும், பின்னது முன்னதைப் போல் இரண்டு மடங்கு நீளம் இருக்க வேண்டும். இடமுகமும் வலமுகமும் அப்படியே. சாய்வு மாறினால் ஏதோ ஒரு புள்ளி இடம் தவறியிருக்கிறது.

இந்த இணைக்கோடுகளிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஐங்கோணம் வேண்டுமானால் ஆறு முகங்களில் ஐந்தை வெட்ட வேண்டும். ஐந்தை எப்படித் தேர்ந்தெடுத்தாலும் அவற்றில் இரண்டு எதிரெதிர் ஜோடிகள் இருந்தே தீரும். ஆகவே கனசதுரத்தில் வெட்டும் எந்த ஐங்கோணத்திலும் இரண்டு ஜோடிப் பக்கங்கள் இணையாக இருக்கும். எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமான ஒழுங்கு ஐங்கோணத்திலோ இணையான பக்கங்களே கிடையாது. எவ்வளவு கூர்மையான கத்தியாலும் அதைக் கனசதுரத்திலிருந்து எடுக்க முடியாது. ஏழு பக்க வடிவமும் அப்படித்தான். ஒரு முகம் ஒரு பக்கத்துக்கு மேல் தராது, முகங்களோ ஆறுதான்.

கட்டையை வெட்டாமலே இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ, உள்ளளவு எல்லாப் பக்கமும் 10 செ.மீ. இருக்கும் மூடிபோட்ட பெட்டி வேண்டும். மலிவுப் பெட்டிகளின் பக்கங்கள் உப்பியிருக்கும், அளந்து வாங்குங்கள். அதன் கொள்ளளவு சரியாக ஒரு லிட்டர். எப்படிச் சாய்த்தாலும் உள்ளே நீர்மட்டம் கிடையாகவே இருக்கும். அந்த நீர்மட்டம்தான் நம் வெட்டும் தளம். நாம் வரைந்த ஐங்கோணத்துக்கு 347 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். ட முனை கீழே வருமாறு, இரு புறமும் ஒரே அளவாகச் சாய்த்துக்கொண்டே போனால், நீர் ப முனையைத் தொடும் நொடியில் அதே ஐங்கோணம் தெரியும்.

இதே பெட்டியை, ஒரு முனை நேர் கீழேயும் அதன் எதிர்முனை நேர் மேலேயும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் கூட்டிப் பார்ப்பது இன்னும் சுவையானது. கொஞ்சம் நீர் இருக்கும்வரை மேற்பரப்பு சமபக்க முக்கோணம். 167 மில்லிலிட்டர், அதாவது லிட்டரில் ஆறில் ஒரு பங்கு ஆகும்போது முக்கோணத்தின் மூன்று மூலைகளும் பெட்டியின் மூன்று முனைகளைத் தொட்டுவிடும். அதற்குமேல் முக்கோணம் வளர இடமில்லை. மூலைகள் மழுங்கி அறுகோணமாகும், நீளமும் குட்டையுமாகப் பக்கங்கள் மாறி மாறி வரும். நீளமானவை குறைந்து குட்டையானவை வளர்ந்து, சரியாக அரை லிட்டரில் ஆறும் சமமாகின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7.1 செ.மீ. சதுரங்களால் ஆன பெட்டிக்குள் ஒழுங்கு அறுகோணம்! மேலும் ஊற்றினால் எல்லாம் திரும்பி நடந்து, 833 மில்லிலிட்டரில் முக்கோணம் தலைகீழாக வந்து நிற்கும்.

இந்த அறுகோணத்தை வழக்கமான சாய்வுப் படத்தில் வரைந்தால் நசுங்கிக் கோணலாகத் தெரியும். தவறாக வரைந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். எதிர்ப்பக்கங்கள் இணையாக இருந்தால் சந்தேகம் வேண்டாம், பார்க்கும் கோணம்தான் காரணம். அதன் உண்மை வடிவம் வேண்டுமானால் கனசதுரத்தை ஒரு முனைக்கு நேராக நின்று பார்ப்பதுபோல வரையுங்கள். அப்போது கனசதுரத்தின் வெளிக்கோடே ஓர் ஒழுங்கு அறுகோணமாகிவிடும். அதன் ஆறு பக்கங்களின் நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் வெட்டு கிடைத்துவிடும். இந்தப் பார்வைக்கு ஒரு குறையும் உண்டு: முன் முனையும் பின் முனையும் படத்தில் ஒரே புள்ளியில் விழும். க, ச, ட, த என்று பெயர் வைத்து வரையும் கணக்குகளுக்கு இது ஒத்துவராது, சாய்வுப் படமே வசதி.