ஒரு சதவீதமும் ஒரு சதவீதமும் சேர்ந்தால்

மின்சுற்றில் இருக்கும் ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் ஒரு டாலரன்ஸ் உண்டு. 10 கிலோ ஓம், 1 சதவீதம் என்றால் உண்மை மதிப்பு 9.9-க்கும் 10.1-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று பொருள். இப்படிப் பல உறுப்புகள் சேர்ந்து ஓர் அளவீட்டைத் தரும்போது, அந்த அளவீட்டை எவ்வளவு நம்பலாம்? டாலரன்ஸ்களை வெறுமனே கூட்டினால் சரியான விடை கிடைக்காது. ஒவ்வொரு உறுப்பின் பிழையும் விடையில் எவ்வளவு எட்டிப்பார்க்கிறது என்பதை முதலில் காண வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரியை ஒரு மைக்ரோகன்ட்ரோலர் கண்காணிப்பதாகக் கொள்வோம். அதன் உள்ளீடு 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதால், மேலே 30 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம் வைத்து மின்னழுத்தம் நான்கில் ஒன்றாகக் குறைக்கப்படுகிறது.

Vout = Vin × R2 / (R1 + R2)

12 வோல்ட்டுக்கு 3 வோல்ட் வரும். இரண்டும் 1 சதவீத ரெசிஸ்டர்கள். மேலே உள்ளது 29.7 ஆகவும் கீழே உள்ளது 10.1 ஆகவும் அமைந்துவிட்டால் 3.045 வோல்ட் வரும். எதிர்ப்பக்கமாக அமைந்தால் 2.955. மோசமான நிலையில் பிழை 1.5 சதவீதம். 2 சதவீதம் ஏன் வரவில்லை? R2 சூத்திரத்தின் மேலும் கீழும் இருப்பதால் அதன் மாற்றத்தில் ஒரு பகுதி தானே கழிந்துவிடுகிறது. R1 / (R1 + R2) என்பதே இரு ரெசிஸ்டர்களுக்கும் பொதுவான பங்கு. இங்கே அது 0.75.

இரண்டும் ஒரே நேரத்தில் எதிரெதிர் விளிம்புகளில் நிற்பது அரிது. பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் அவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கலாம்: 0.75, 0.75 சேர்ந்து 1.06 சதவீதம். இது உத்தரவாதம் அல்ல. மதிப்புகள் டாலரன்ஸ் எல்லைக்குள் சமமாகப் பரவியிருந்தால், நூறு சுற்றுகளில் சுமார் 91 மட்டுமே இந்த எல்லைக்குள் இருக்கும். 1993-இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியின்படி, இத்தகைய ஒவ்வொரு பிழையையும் முதலில் மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்துச் சேர்த்து, முடிவை இரண்டால் பெருக்கினால் 1.22 சதவீதம் வரும். இதற்குள் நூறில் ஏறத்தாழ 97 அடங்கும். பேட்டரிக்கு எது போதும்? மோசமான நிலையின் 1.5 சதவீதம் என்பது 12 வோல்ட்டில் 0.18 வோல்ட். ஓய்வில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி முழுதாக நிறைந்தால் சுமார் 12.7, பாதியில் 12.2 வோல்ட் காட்டும். அந்த அரை வோல்ட் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிழையே விழுங்கிவிடுகிறது.

அதே பேட்டரியின் மின்னோட்டத்தை அளக்க 0.1 ஓம் ஷண்ட் ரெசிஸ்டர் தேவை. 5 ஆம்பியர் ஓடினால் அதில் 0.5 வோல்ட் எழும். 30 கிலோ, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் கொண்ட ஆப்-ஆம்ப் அதை நான்கு மடங்காக்கி 2 வோல்ட் தரும்.

Gain = 1 + Rf / Rg

இங்கும் Rf, Rg இரண்டின் பங்கும் 0.75 தான். ஷண்டின் பங்கு மட்டும் முழுதாக 1. கடையில் எளிதில் கிடைக்கும் சிமென்ட் ரெசிஸ்டர் 5 சதவீத வகை. 5, 0.75, 0.75 மூன்றையும் வர்க்கப்படுத்திச் சேர்த்தால் 5.11 சதவீதம். பெருக்கியின் இரண்டு ரெசிஸ்டர்களையும் விலை கூடிய 0.1 சதவீத வகையாக மாற்றினாலும் 5.00-க்குத்தான் இறங்கும், அந்தச் செலவு வீண். ஷண்டை மட்டும் 1 சதவீதமாக மாற்றினால் மொத்தம் 1.46 ஆகிறது. பெரிய பிழையை முதலில் குறைப்பதே புத்திசாலித்தனம்.

சதவீதக் கணக்கில் அடங்காத ஒரு பிழையும் உண்டு. எல்எம்358 போன்ற மலிவான ஆப்-ஆம்ப்பில் உள்ளீட்டு ஆஃப்செட் 7 மில்லிவோல்ட் வரை இருக்கலாம். நான்கால் பெருகி அது 28 மில்லிவோல்ட் ஆகும். 5 ஆம்பியரில் இது 1.4 சதவீதம், அரை ஆம்பியரில் வெளியீடே 0.2 வோல்ட் என்பதால் 14 சதவீதம். மின்னோட்டம் குறையும்போது காட்சி நம்ப முடியாததாகிறது என்றால் ரெசிஸ்டர்களைச் சந்தேகிக்கும் முன் ஆஃப்செட்டைப் பார்க்க வேண்டும்.

வர்க்கமூல முறைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே ரீலில் இருந்து எடுத்த ரெசிஸ்டர்கள் எல்லாம் 0.6 சதவீதம் கூடுதலாக இருப்பது நடக்கக்கூடியது. விகிதத்தில் அது கழிந்துவிடும். இரண்டும் வேறு வேறு ரீல் என்றால் கழியாது. ஆகவே சேர்க்கும் முன் பிழைகள் உண்மையிலேயே தனித்தனியானவையா என்று கேட்டே ஆக வேண்டும்.

மென்பொருளில் ஒரு முறை சரிசெய்தால் பகுப்பானின் நிலையான பிழை நீங்கும். நம்பகமான மல்டிமீட்டரால் பேட்டரியை அளந்து, அந்த எண்ணுக்கு ஏற்ப விகிதத்தைத் திருத்தினால் போதும். அதன்பின் அளவீடு அந்த மீட்டரை விடத் துல்லியமாக இருக்க முடியாது: 0.5 சதவீத மீட்டர் என்றால், 12 வோல்ட்டில் 0.06 வோல்ட் ஐயம் எப்படியும் மிஞ்சும்.