கல்லாகிப்போன பிரேக்

சிக்னலை நெருங்கும்போது வழக்கம்போல் பிரேக்கில் கால் வைத்தேன். பெடல் இறங்கவில்லை, செங்கல்லை மிதித்ததுபோல் இருந்தது. பதறி, இரண்டு காலையும் ஊன்றி அழுத்தியதில் முன்னால் நின்ற ஆட்டோவுக்கு ஒரு முழம் இருக்கும்போது கார் நின்றது. நின்ற வண்டி குலுங்கிக்கொண்டே இருந்தது. மீட்டரில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிந்தது. சிவப்பு பிரேக் விளக்கு மட்டும் எரியவில்லை.

இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்று மெக்கானிக் பிறகு காட்டினார்.

பானெட்டைத் திறந்தால், ஓட்டுநர் பக்கம் பின்சுவரில் கறுப்பாக ஒரு டப்பா தெரியும். அதுதான் பிரேக் பூஸ்டர். உள்ளே ரப்பர் திரை ஒன்று அதை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பெட்ரோல் என்ஜினுக்குக் காற்று வரும் வழி ஏறக்குறைய மூடிவிடும். என்ஜினோ உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த உறிஞ்சல் ஒரு ஹோஸ் வழியாக பூஸ்டரின் இரு அறைகளிலிருந்தும் காற்றை இழுத்துவிடுகிறது. பிரேக்கை மிதித்தால் பின்னறைக்குள் மட்டும் வெளிக்காற்று புகும். முன்னறையில் காற்று இல்லாததால் அது திரையை முன்னால் தள்ளும். சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள திரைமீது நூறு கிலோவுக்கும் மேலான பலம் விழுவதால்தான் நமக்குக் கால் வலிப்பதில்லை.

மெக்கானிக் சொன்னார்: "ஆயில் குறைஞ்சாலோ பைப்புல காத்து புகுந்தாலோ பெடல் பஞ்சு மாதிரி இறங்கும் சார். கல்லு மாதிரி நின்னா வேக்குவம் போச்சுன்னு அர்த்தம்." ஹோஸை இடுக்கியால் நசுக்கிப் பிடித்தார். குலுங்கல் சட்டென்று அடங்கியது. ஹோஸ் வளையும் இடத்தில் ரப்பர் வெடித்திருந்தது.

அந்த வெடிப்பு வழியே, சென்சார் கணக்கில் வராத காற்று என்ஜினுக்குள் போயிருக்கிறது. காற்று கூடி, அதற்கேற்ற பெட்ரோல் இல்லாததால் என்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் வந்த குறியீடு P0171. சிவப்பு விளக்கோ ஆயில் மட்டத்தையும் ஹேண்ட்பிரேக்கையும்தான் பார்க்கும். வேக்குவம் அதன் கணக்கில் இல்லை. புதிய கார்கள் சிலவற்றில் அதற்கென்றே சென்சார் உண்டு. ஹோஸ் கசியாமல் அடைத்துக்கொண்டாலோ, அதிலுள்ள ஒருவழி வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டாலோ எந்த விளக்கும் எரியாமலே பெடல் இறுகலாம்.

ஓடும்போது இப்படி ஆனால் பெடலை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். பிரேக் போய்விடவில்லை, பலம்தான் அதிகம் வேண்டும். முழு பலத்தோடு அழுத்தியபடியே கியரைக் குறைத்து ஓரம்கட்ட வேண்டும்.

புது ஹோஸ் போட்டதும் மெக்கானிக் என்னையே சோதிக்கச் சொன்னார். என்ஜினை அணைத்து நாலைந்து முறை மிதித்தேன், பெடல் இறுகியது. காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தேன். பாதத்தின் அடியில் பெடல் மெல்ல ஓர் அங்குலம் இறங்கியது.