எந்த இரண்டு மாதத்தின் செலவு?

வேலை நின்றாலும் சைட் செலவு நிற்காது. இன்ஜினியர் சம்பளம், கிரேன் வாடகை, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். தாமதம் உரிமையாளரால் வந்தது என்றால், ஒப்பந்தம் இடம் கொடுக்கும் அளவுக்கு இந்தச் செலவை கான்ட்ராக்டர் அவரிடம் கேட்கலாம். எந்த நாட்களின் செலவைக் கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

18 மாதத்தில் முடிக்க வேண்டிய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். நடுவில் உரிமையாளர் நான்காம் மாடியின் வரைபடத்தை மாற்றுகிறார். புது வரைபடம் வராமல் 9, 10-ஆம் மாதங்களில் வேலை முடங்கி, கட்டடம் 20-ஆம் மாதம்தான் முடிகிறது. தாண்டிப்போனவை கடைசி இரண்டு மாதங்கள்தானே என்று கான்ட்ராக்டர் அவற்றின் செலவைக் கேட்கிறார். அப்போது கிரேன் போய்விட்டது, ஆட்களும் குறைவு. மாதம் 5 லட்சம்தான். தாமதத்தின் பாதிப்பு விழுந்த நாட்களின் செலவையே எடுக்க வேண்டும் என்கிறது, பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2017-இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறை. அதுவே நியாயமும்கூட.

முடங்கிய மாதங்களில் ஊழியர் சம்பளம் 4.5 லட்சம், டவர் கிரேன் வாடகை 3 லட்சம், மின்சாரமும் டீசலும் 80 ஆயிரம், காவல் 70 ஆயிரம், சைட் ஆபீசும் வண்டியும் 50 ஆயிரம். மாதம் 9.5 லட்சம், இரண்டு மாதத்துக்கு 19 லட்சம். கிரேனைக் கொண்டுவந்து நிறுத்திய செலவு இதில் சேராது. தாமதம் இல்லாவிட்டாலும் அது ஆகியிருக்கும்.

19 லட்சமும் கிடைத்துவிடாது. 9-ஆம் மாதத்தின் முதல் 15 நாள் கான்ட்ராக்டரின் கம்பியே வந்து சேரவில்லை. வரைபடம் கையில் இருந்தாலும் வேலை நடந்திருக்காது. இப்படி இரு தரப்புத் தாமதமும் ஒன்றாக விழும் நாட்களுக்குப் பொதுவாகக் கால நீட்டிப்பு உண்டு, பணம் இல்லை. மிச்சம் 45 நாளுக்கு 14.25 லட்சம். 10-ஆம் மாதம் முழுக்க ஓர் இன்ஜினியர் வேறு சைட்டில் இருந்ததை வருகைப் பதிவேடு காட்டிக்கொடுக்கிறது. அவருடைய 60 ஆயிரத்தையும் கழித்தால் நிற்பது 13.65 லட்சம்.

டெண்டரில் போட்ட தொகையை நாளுக்கு வகுத்துக் கேட்டால் எதிர்த்தரப்பு எளிதில் உடைத்துவிடும். உண்மையில் செலவானதைக் காட்ட வேண்டும். சம்பளத்துக்கு வருகைப் பதிவேடு, வங்கிக் கணக்கு, பி.எஃப். சலான் மூன்றிலும் அதே பெயர்கள் இருக்க வேண்டும். கிரேனுக்கு வாடகை பில்லோடு லாக் புக்கும் வேண்டும். டீசல் பில் வழக்கம்போலவே இருந்து, ஜெனரேட்டர் ஓடிய மணிநேரம் பாதியாகியிருந்தால் அந்த வரி நிற்காது.

எந்த நாள் எதனால் வேலை நின்றது என்பதற்குத் தடைப் பதிவேடுதான் சாட்சி. அன்றன்றைக்கே எழுதி, உரிமையாளர் தரப்பு இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால்தான் அதற்கு மதிப்பு. 1999 ஃபிடிக் சிவப்புப் புத்தக ஒப்பந்தமானால், தாமதம் தெரிந்த 28 நாளுக்குள் நோட்டீஸும் போயிருக்க வேண்டும். அது போகாவிட்டால் அந்த ஒப்பந்தத்தின்படி கேட்கும் உரிமையே பறிபோகும்.