தீபாவளி ஜாக்கெட்: 100 ஸ்லாட், ஒரே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்!

போன தீபாவளிக்கு முதல் நாள் இரவு ஒன்பதரை மணி. அம்பத்தூரில் எங்கள் தெருமுனைத் தையல் கடை வாசலில் பத்துப் பெண்கள் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஹூக் வைக்காத ஜாக்கெட்டுகள் ஒரு பக்கம், வெட்டவே படாத துணிப் பைகள் இன்னொரு பக்கம். என் பை அந்த இரண்டாவது பக்கத்தில் இருந்தது. மறுநாள் அம்மாவின் பழைய ஜாக்கெட்டை ஊசி குத்திப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

கோபம் இருந்தாலும், அந்த அக்காவின் வீங்கிய கண்களைப் பார்த்த பிறகு திட்ட மனசு வரவில்லை. யோசித்துப் பார்த்தால், தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ரயிலுக்கு 60 நாளைக்கு முன்பே காலை 8 மணிக்கு போனோடு உட்கார்ந்து டிக்கெட் போட்டுவிடுகிறோம். சீட் இத்தனைதான், முன்பதிவு இன்ன தேதியில் திறக்கும், பணம் கட்டினால்தான் இடம் என்று எல்லோருக்கும் தெரியும். தையல் கடையில் இந்த மூன்றையும் யாரும் சொல்வதில்லை. அதனால் கடைசி வாரம் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்கிறோம்.

இந்த மூன்றையும் ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் சொல்லிவிடலாம். வீட்டில் தைக்கும் தோழிகளுக்காக, அந்த மெசேஜை எப்படித் தயாரிப்பது என்று பார்ப்போம். பார்லர், மெஹந்தி, பலகார ஆர்டர் எடுப்பவர்களும் தங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

நம்ம ஏரியாவில் ஏன் எல்லோரும் லேட்?

அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள், பூந்தமல்லியைச் சுற்றியுள்ள கம்பெனிகள் என்று இந்தப் பக்கம் ஏராளமான வீடுகளில் தீபாவளிப் புடவை வாங்குவது போனஸ் வந்த பிறகுதான். போனஸ் கைக்கு வந்து, பாடிக்கோ தி.நகருக்கோ போய்ப் புடவை எடுத்து, ஜாக்கெட் பிட்டை வெட்டி டெய்லரிடம் கொடுக்கும்போது பண்டிகைக்கு இரண்டு வாரம்கூட இருக்காது. 'சீக்கிரம் துணி கொடுங்க' என்று எத்தனை முறை மெசேஜ் போட்டாலும், கையில் துணியே இல்லாதவர் என்ன செய்வார்?

இங்கேதான் ஒரு சின்ன மாற்றம் தேவை. துணி கொடுக்கும் தேதி வேறு, இடம் பிடிக்கும் தேதி வேறு என்று பிரித்துவிட வேண்டும். புடவை இன்னும் வாங்காதவரும் இப்போதே தனக்கு ஒரு இடத்தை எடுத்து வைத்துக்கொள்ளலாம். துணியைப் பிறகு சொன்ன தேதிக்குள் கொடுத்தால் போதும்.

மெசேஜுக்கு முன்னால் கணக்கு

இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஆவடியில் இரண்டு மெஷின், கூட ஒரு உதவியாளர் வைத்திருக்கும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம். வெட்டுவது, தைப்பது, கை ஹெம்மிங், ஹூக் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 லைனிங் ஜாக்கெட் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கடைசி டெலிவரி நாளைக் குறிக்க வேண்டும். அது தீபாவளிக்கு முந்தின நாளாக இருக்கக் கூடாது. நவம்பர் 5, வியாழக்கிழமை என்று வைத்தால், கை டைட், தோள் இறங்குகிறது என்று வருபவர்களுக்கு வெள்ளியும் சனியும் ஆல்டர் செய்து தரலாம்.

அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் மூன்று தவணை கிடைக்கிறது. அக்டோபர் 5 முதல் 16 வரை, ஞாயிறு போக 11 வேலை நாட்கள். அக்டோபர் 19, 20 ஆயுத பூஜையும் விஜயதசமியும். மெஷினுக்குப் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்துவிட்டு 21 முதல் 30 வரை 9 நாட்கள். அக்டோபர் 31 முதல் நவம்பர் 4 வரை, அந்த ஒரு ஞாயிறும் உட்கார்ந்தால் 5 நாட்கள். மொத்தம் 25 நாள். நாளுக்கு 5 என்றால் 125 ஜாக்கெட்.

ஆனால் மெசேஜில் 125 என்று போடக் கூடாது. நாளுக்கு 4 என்று கணக்கிட்டு 100 மட்டுமே திறக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மதியம் 2 வரை கரன்ட் போகும் நாள் ஒன்றாவது வரும். அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், நனைத்துப் போட்ட லைனிங் துணி காயவே ஒரு நாள் ஆகும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம். அந்த மிச்சம் 25 இதற்கெல்லாம்தான். ஒன்றும் நடக்கவில்லை என்றால் கடைசியில் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

எண்ணிக்கையில் இன்னொரு விஷயம். ஸ்லாட் என்பது ஆளுக்கு அல்ல, ஜாக்கெட்டுக்கு. இதைச் சொல்லாவிட்டால் ஒரு ஸ்லாட் எடுத்தவர் மாமியார், நாத்தனார் துணியும் சேர்த்து ஆறு பிட்டோடு வந்து நிற்பார். பைப்பிங், டிசைன் நெக் வைத்தால் நேரம் கூடும் என்பதால் அதை 2 ஸ்லாட்டாகக் கணக்கிடலாம். ஆரி வேலையை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

முன்பணம் எவ்வளவு?

லைனிங் ஜாக்கெட்டுக்குக் கூலி 400 ரூபாய் என்றால், பாதிப் பணம் கேட்கலாமே என்று தோன்றும். ஆனால் போனஸுக்காகக் காத்திருப்பவரால் நான்கு ஜாக்கெட்டுக்கு 800 ரூபாயை செப்டம்பரிலேயே கொடுக்க முடியாது. அவர் புக் செய்யாமல் விட்டுவிட்டு, பழையபடி கடைசி வாரம் வந்து நிற்பார். 20 ரூபாய் என்று வைத்தால், போனால் போகட்டும் என்று நாலு கடையில் இடம் போட்டு வைப்பார்கள். ஜாக்கெட்டுக்கு 100 ரூபாய், அதாவது கால் பங்கு, இரண்டுக்கும் நடுவில் நிற்கும். 100 ஸ்லாட்டும் நிறைந்தால் 10,000 ரூபாய் கையில் இருக்கும். லைனிங், நூல், ஹூக் வாங்கக் கடன் தேவையில்லை.

இந்தப் பணம் கூலியில் கழியுமா, வராவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்பதை மெசேஜிலேயே எழுத வேண்டும். சொல்லாமல் வாங்கிவிட்டுப் பிறகு தர மாட்டேன் என்றால் சண்டைதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அளவுக்கு மீறிய டெபாசிட் கேட்பதை நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறது. அதனால் தொகை சின்னதாகவும் விதி தெளிவாகவும் இருப்பதே இரண்டு பேருக்கும் நல்லது. அதேபோல, தவறு நம் பக்கம் என்றால் என்ன என்றும் ஒரு வரி வேண்டும். அந்த ஒரு வரிதான் வாடிக்கையாளர் நம்பிப் பணம் அனுப்பக் காரணமாக இருக்கும்.

இதோ மெசேஜ்

*தீபாவளி ஜாக்கெட் புக்கிங் செப்டம்பர் 14 திங்கள் முதல். மொத்தம் 100 மட்டும்.*

வணக்கம் அக்கா. துணி இன்னும் வாங்கலைன்னாலும் இப்பவே இடம் போட்டுக்கலாம்.

தவணை 1: துணி அக்டோபர் 3-க்குள். டெலிவரி அக்டோபர் 17. (44 ஸ்லாட்)
தவணை 2: துணி அக்டோபர் 17-க்குள். டெலிவரி அக்டோபர் 31. (36 ஸ்லாட்)
தவணை 3: துணி அக்டோபர் 29-க்குள். டெலிவரி நவம்பர் 5. (20 ஸ்லாட்)

ஒரு ஜாக்கெட் = 1 ஸ்லாட். டிசைன் நெக் = 2 ஸ்லாட். ஆரி வேலைக்குத் தனியாகப் பேசவும்.

ஸ்லாட்டுக்கு முன்பணம் ரூ.100. கூலியில் கழித்துக்கொள்ளப்படும். பணம் வந்த பிறகே இடம் உறுதி.

அக்டோபர் 1-க்குள் வேண்டாம்னு சொன்னா முழுப் பணமும் திரும்பத் தருவேன். அதுக்கப்புறம் திரும்பக் கிடைக்காது. ஆனா உங்க இடத்தை வேற யாருக்காவது கொடுக்கலாம். சொன்ன தேதிக்கு நான் தரலைன்னா முன்பணம் உங்களுக்கே திரும்பும், ஜாக்கெட்டும் தைச்சுத் தருவேன்.

பதில்ல இந்த மூணு மட்டும் அனுப்புங்க: பேர், எத்தனை ஜாக்கெட், எந்தத் தவணை.

முதல் வரியிலேயே விஷயமும் தேதியும் எண்ணிக்கையும் வந்துவிடுவதைக் கவனியுங்கள். போன் திரையில் நோட்டிஃபிகேஷனாக வருவது அந்த முதல் வரிதான். அங்கே 'இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்' என்று ஆரம்பித்தால், ஃபார்வர்டு மெசேஜ் என்று நினைத்துத் தள்ளிவிடுவார்கள். 'பண்டிகைக்கு முன்னால்' என்ற சொல் மெசேஜில் எங்கும் இல்லை, எல்லாமே தேதிதான். மூன்றாம் தவணைக்குத்தான் அடிபிடி என்பதால் அந்த 20 என்ற எண்ணை மறைக்காமல் போட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும், கையில் துணி இருப்பவர்களில் சிலராவது முதல் தவணைக்குப் போவார்கள்.

எப்படி அனுப்புவது?

எல்லோரையும் ஒரு குரூப்பில் போடாதீர்கள். ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். ஒருவர் விலையைக் குறைக்கச் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், பதிலும் தனியாக வரும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேவ் செய்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். மெசேஜ் வரவே இல்லை என்று பழைய வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். மறுநாள் லிஸ்ட்டைப் பார்த்து, இரண்டு டிக் விழாதவர்களுக்குத் தனியாக அனுப்புங்கள். பழையவர்களுக்கு அனுப்பி இரண்டு நாள் கழித்து ஸ்டேட்டஸில் போட்டால், வருஷம் முழுக்க வருபவர்களுக்கு முதல் வாய்ப்புக் கிடைக்கும்.

பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி ஸ்லாட்டை உறுதி செய்ய வேண்டாம். அதைப் போலியாகச் செய்வது சுலபம். உங்கள் வங்கிக் கணக்கிலோ யுபிஐ ஆப்பிலோ பணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு நோட்டில் 1 முதல் 100 வரை எண் போட்டு, பெயரையும் தவணையையும் எழுதி, அந்த எண்ணையே பதிலாக அனுப்புங்கள். 'உங்க நம்பர் 37, 38. துணி அக்டோபர் 3-க்குள்' என்றால் போதும். துணிப் பையிலும் அதே எண்ணை எழுதி ஊசி குத்திவிட்டால், அளவு ஜாக்கெட் மாறிப்போகாது.

துணி கொடுக்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பு ஒரு நினைவூட்டல் போடுங்கள். தேதி தாண்டியும் துணி வராவிட்டால், அடுத்த தவணையில் இடம் இருந்தால் மாற்றலாம். இல்லையென்றால் அந்த இடம் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போகும் என்று அதிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியில் வருவது, நூறு நிறைந்த பிறகு கதவைத் தட்டும் பக்கத்து வீட்டு அக்கா. 'ஒண்ணே ஒண்ணுதானே' என்பார். அந்த ஒண்ணுக்குச் சம்மதித்தால், பணம் கட்டிக் காத்திருக்கும் வேறொருவரின் ஜாக்கெட் பின்னால் தள்ளப்படும். 'வெயிட்டிங்ல உங்க பேரு 3 அக்கா, இடம் வந்தா 31-ம் தேதி சொல்றேன்' என்று நோட்டைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவர் முகம் சுளிக்கலாம். ஆனால் நவம்பர் 7 இரவு ஒன்பதரை மணிக்கு உங்கள் வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள். நீங்களும் உங்கள் வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருப்பீர்கள்.